ஒரே பத்தி அப்ஸ்ட்ராக்ட், 250 சொல்லுக்குள் நான்கு தலைப்பாக

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்துவலி எவ்வளவு என்று பார்த்த ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்களே வைத்தவை. அப்ஸ்ட்ராக்ட் ஒரே பத்தியாக 410 சொல். ஜர்னல் கேட்பது நான்கு தலைப்பில் 250. எங்கள் துறையில் இதை வெட்டுவதில்லை, புதிதாக அடுக்குகிறோம். வரி வரியாகக் குறைத்தால் பழைய பத்தியின் கோணல் அப்படியே தங்கிவிடும்.

முதலில் எழுத வேண்டியது முடிவுகள் பகுதி. அதற்கு நூறு சொல் ஒதுக்குங்கள். முறைக்கு எண்பது, பின்னணிக்கு நாற்பது, முடிவுரைக்கு முப்பது. பழைய பத்தியில் பீடித் தொழிலின் வரலாறே பாதியை விழுங்கியிருக்கும். பின்னணியில் இதுவரை தெரியாதது என்ன என்று ஒரு வரி, ஆய்வின் நோக்கம் ஒரு வரி, இவ்வளவு போதும்.

முடிவுகளில்தான் அதிகம் சறுக்குகிறது. "குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தது, p<0.001" என்று மட்டும் எழுதினால் வேறுபாடு எவ்வளவு என்றே தெரியாது. பீடி சுற்றுபவர்களில் 200 பேருக்கு 124 (62%), அதே தெருவில் பீடி சுற்றாதவர்களில் 200 பேருக்கு 82 (41%) என்று இரண்டு பக்கமும் கொடுங்கள். பிறகு ஒப்பீடு:

```
1.51 (95% CI 1.24–1.84)
```

இது இரு விழுக்காடுகளின் விகிதம். இதே தரவில் ஆட்ஸ் ரேஷியோ 2.35 வரும். அதை எடுத்து "வலி இரண்டரை மடங்கு" என்று எழுதுவது தவறு. வலி இவ்வளவு பரவலாக இருக்கும்போது ஆட்ஸ் ரேஷியோ உண்மையான மடங்கைவிடப் பெரிதாகவே காட்டும். விமர்சகர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை முறையில் போடுவார்கள். அது நடந்த விஷயம், ஆகவே முடிவுகளுக்குப் போகட்டும். எப்படித் தேர்ந்தெடுத்தோம், வலியை எந்தக் கேள்வித்தாளால் அளந்தோம், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பவை முறையில் நிற்கும்.

முடிவுரையில் "பீடி சுற்றுவதால் வலி வருகிறது" என்று எழுதாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டையும் கேட்ட ஆய்வு எது முந்தியது என்று சொல்லாது. "தொடர்பு காணப்பட்டது" என்பதுதான் தரவு தாங்கும் சொல்.

இதற்குப் பிறகும் ஐந்தாறு சொல் மிஞ்சினால், வேர்ட் இடைவெளியை வைத்தே எண்ணுகிறது என்பது கைகொடுக்கும். `n = 200` மூன்று சொல், `n=200` ஒன்று. ஆனால் சில ஜர்னல் தளங்கள் வேறு மாதிரி எண்ணும். அங்கே ஒட்டிப் பார்த்தபின்தான் சமர்ப்பிக்க வேண்டும். தலைப்புச் சொற்களும் கணக்கில் சேருமா என்பதை ஆசிரியர் வழிகாட்டியில் பாருங்கள். கடைசியாக, ஒவ்வொரு எண்ணையும் கட்டுரையின் அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள்; அட்டவணையைத் திருத்தியபின் அப்ஸ்ட்ராக்டில் பழைய எண் நிற்பது அடிக்கடி நடக்கிறது.