83.45: ஒரு ஃபார்வர்ட் ஒப்பந்தத்தைப் போட்டதும் எழுதியதும் தீர்த்ததும்

மண்டபம் பக்கம் கணவாயும் நண்டும் பதப்படுத்தும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. நானும் மச்சானும் சேர்ந்து நடத்துகிறோம். சீனாவிலிருந்து ஒரு பிளேட் ஃப்ரீசர் வரவழைத்தோம். விலை 40,000 டாலர். சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாள் கடன். அந்தத் தேதி ஜனவரி 30, ஆகவே பணம் கட்ட வேண்டிய நாள் ஏப்ரல் 30. இங்கே சொல்லும் ரேட்டுகளைக் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 30 எங்களுக்கு மோசமான நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகில் நண்டு வரும், ஆனால் கணவாய் வரத்து படுத்துவிடும், கல்லாவும் அப்படியே. ஆகவே மார்ச்சிலேயே பணத்தை ஒதுக்கி வைத்தாக வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது? டாலர் 83இல் இருக்குமா 85க்குப் போகுமா என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. பின்னொரு நாளில் வாங்கப் போகும் டாலருக்கு இன்றே வங்கியோடு ரேட் பேசி முடிக்கும் ஃபார்வர்ட் ஒப்பந்தத்தைப் போட்டதற்கு இதுதான் காரணம். டாலரில் லாபம் பார்க்கும் எண்ணம் இல்லை.

கணக்கு இருக்கும் உள்ளூர்க் கிளையில் அந்நியச் செலாவணி வேலை கிடையாது. காகிதங்களை வாங்கி மதுரைக்கு அனுப்புவார்கள், ரேட் மும்பையில் இருக்கும் டிரெஷரியிலிருந்து வரும். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், கம்பெனி தீர்மான நகல் எல்லாம் கேட்டார்கள். கூடவே எல்.இ.ஐ. என்ற 20 எழுத்து அடையாள எண்ணும் வேண்டும். கம்பெனிகள் வங்கியோடு இப்படி ஒப்பந்தம் போட அது கட்டாயம், அவசரத்தில் கிடைக்காது, முன்பே எடுத்து வைக்க வேண்டும். உத்தரவாதமாக ஒரு டெபாசிட்டையும் பிடித்து வைத்தார்கள்.

பிப்ரவரி 1 அன்று போனில் ரேட் சொன்னார்கள்: 83.45. இந்த இடத்தில் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. "ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, உங்கள் மார்ஜின் எவ்வளவு, தனித்தனியாகச் சொல்லுங்க சார்" என்று கேட்டேன். அன்றைய சந்தை ரேட்டான ஸ்பாட் 83.00, மீதி 45 காசில் பெரும்பகுதி பிரீமியம், கொஞ்சம் வங்கியின் லாபமான மார்ஜின் என்றார். பிரீமியம் என்பது டாலர் ஏறும் என்று வங்கி சொல்லும் ஜோசியம் இல்லை. இந்தியாவில் வட்டி அதிகம், அமெரிக்காவில் குறைவு. அந்த வித்தியாசம்தான் பெரும்பாலும் பிரீமியமாக வருகிறது. அதில் பேரம் பேச இடமில்லை. பேரம் மார்ஜினில்தான்.

ஏப்ரல் மாதத்தில் எந்த நாளிலும் டாலர் எடுத்துக்கொள்ளும்படியும் போடலாம் என்றார்கள். அப்படிப் போட்டால், இறக்குமதிக்காரரிடம் அந்தக் காலத்தின் கடைசி நாள் வரைக்குமான பிரீமியத்தை வாங்கிவிடுவார்கள். முன்னதாக எடுத்தாலும் ரேட் குறையாது. எங்கள் கெடு நிச்சயமானது, அதனால் ஏப்ரல் 30 என்று ஒரே தேதி. போனில் ஒத்துக்கொண்டதுமே அது கட்டுப்படுத்தும். பிறகு வரும் ஒப்பந்தத் தாளில் தொகை, ரேட், தேதி, ஒப்பந்த எண் நான்கையும் சரிபார்த்துக் கையெழுத்து போட்டேன்.

இனி கணக்கு. மெஷினை 83.45இல் எழுதிவிடலாமே என்றுதான் மச்சான் கேட்டார், கட்டப் போவது அதுதானே என்று. ஆடிட்டர் சார் விடவில்லை. அந்நியச் செலாவணிக்கான கணக்கியல் தரமான ஏ.எஸ். 11 படி மெஷினின் விலை பரிவர்த்தனை நாளின் ஸ்பாட் ரேட்டில்தான் ஏறும். பில் கணக்கில் ஏறிய நாளும் ஒப்பந்தம் போட்ட நாளும் ஒன்றாக அமைந்ததால் ரேட் 83.00, மெஷின் 33,20,000 ரூபாய். (சுங்கத்தார் அறிவித்த ரேட்டில் தூத்துக்குடியில் போட்ட பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவத்தில் வேறொரு தொகை இருக்கும். அது வரி போடுவதற்கான மதிப்பு. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

45 காசு வித்தியாசம், அதாவது 18,000 ரூபாய், தனிக் கதை. ரேட்டை மூன்று மாதம் பிடித்து வைத்ததற்கான செலவு அது. மெஷினோடு சேராது, மாதம் 6,000 வீதம் செலவாகும். ஒப்பந்த நாள் பதிவில் வங்கியிடமிருந்து வர வேண்டிய டாலர் 33,20,000 பற்று, பிரீமியம் 18,000 பற்று, வங்கிக்குத் தர வேண்டியது 33,38,000 வரவு. இது ஏற்கெனவே ஏற்பட்ட கடனுக்குப் போட்ட ஒப்பந்தம் என்பதால் இந்த வழி. சரக்கே ஏறாமல் ஆர்டர் மட்டும் இருக்கும்போது போட்டால் கணக்கு முறை வேறு.

சிக்கல் மார்ச் 31இல் வரும். அன்று ஸ்பாட் 84.00. சப்ளையருக்குத் தர வேண்டிய கடனை அன்றைய ரேட்டுக்கு ஏற்றினால் 33,60,000. நாற்பதாயிரம் நட்டம். நிறைய இடங்களில் ஒப்பந்தத்தை ஃபைலில் வைத்துவிட்டு இந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவார்கள். அந்த வருட லாபம் காரணமில்லாமல் குறையும், அடுத்த வருடம் காரணமில்லாமல் ஏறும். வங்கியிடமிருந்து வர வேண்டியதும் 40,000 டாலர்தானே. அதையும் 84.00க்கு ஏற்றினால் நாற்பதாயிரம் லாபம், இரண்டும் அடிபட்டுப்போகும். லாப நட்டக் கணக்கில் நிற்பது இரண்டு மாதப் பிரீமியம் 12,000 மட்டும். அப்படி இல்லாமல் பெரிய தொகை எதுவும் தெரிந்தால் ஒரு பக்கப் பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஏப்ரல் 30 அன்று ஸ்பாட் 83.20க்கு இறங்கியிருந்தது. "சும்மா இருந்திருந்தா பத்தாயிரம் மிச்சம்" என்றார் மச்சான். ஸ்பாட் கணக்கில் சரிதான். மார்ச் கடைசியில் 84 என்று பார்த்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை.

அன்று பார்க்க வேண்டியது வேறு ஒன்று. கிளையில் தயாரித்து வைத்திருந்த டெபிட் தாளில் ரேட் 83.60 என்று இருந்தது. வங்கி தினமும் எல்லாருக்கும் பொதுவாக அறிவிக்கும் கார்டு ரேட் அது. விண்ணப்பத்தில் ஒப்பந்த எண் எழுதியிருந்தும் கணினியில் ஏற்றியவர் அதை இணைக்கவில்லை. அப்படியே போயிருந்தால் டாலரை 83.60க்கு வாங்கியிருப்போம், ஒப்பந்தமும் எடுக்கப்படாமல் கிடந்திருக்கும். கெடு தாண்டி மூன்றாவது வேலை நாளில் வங்கியே ரத்து செய்து, அந்த நட்டத்தையும் எங்கள் கணக்கில் பிடித்திருக்கும். மறுநாள் மே 1 விடுமுறை வேறு. மதுரைக்குப் போன் போட்டு, எண்ணை இணைத்து, 33,38,000 மட்டும் பற்று வைத்ததைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

தீர்வுப் பதிவு சுருக்கம். கடனையும் வர வேண்டிய டாலரையும் 83.20க்கு இறக்கினோம். ஒரு பக்கம் 32,000 லாபம், மறுபக்கம் அதே நட்டம். கடைசி மாதப் பிரீமியம் 6,000 செலவு. வங்கிக்குத் தர வேண்டிய 33,38,000ஐக் கட்டியதும் அந்தக் கணக்கு பூஜ்யம். வந்த டாலரைச் சப்ளையருக்கு அனுப்பியதும் மற்ற இரண்டும் பூஜ்யம். மெஷின் 33,20,000இலேயே நிற்கிறது.

அப்புறம் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலை சப்ளையருக்கு அனுப்பினேன். பில் ஆஃப் என்ட்ரி எண்ணைக் கிளையில் கொடுத்து, இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் ஐ.டி.பி.எம்.எஸ்.ஸில் இந்தப் பணத்தோடு இணைத்து முடித்துவிட்டார்களா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அது திறந்தே கிடந்தால் அடுத்த இறக்குமதிக்குப் பணம் அனுப்பப் போகும்போது அதைக் காட்டி நிறுத்துவார்கள்.