“மருந்து தீந்துட்டு, வரட்டா?”: சென்னையிலிருந்து நெல்லைக்கு வந்த ஒரு நர்ஸின் அனுபவம்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் அந்தச் சம்பவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மருத்துவமனைக்கு மாதாமாதம் வரும் ஆச்சி ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை முடிந்த அன்றே போன் செய்து, “மருந்து தீந்துட்டு, வரட்டா?” என்று கேட்டிருக்கிறார். வரவேற்பில் போனை எடுத்தவர் என்னைப் போலவே சென்னைப் பக்கத்து ஆள். அவர் காதில் ‘மருந்து தீர்ந்த பிறகு வரட்டுமா’ என்று விழுந்திருக்கிறது. “சரிம்மா, தீர்ந்ததும் வாங்க, அவசரமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டார். ஆச்சியும் அவசரமில்லை என்பதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் பேரன் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். “மண்டையிடி தாங்க முடியல, கிறக்கமா வருது” என்றார் ஆச்சி. பிரஷர் பார்த்தால் 180/110. டாக்டர் மாத்திரை கொடுத்து, சாயங்காலம் வரை படுக்கவைத்து, இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். இத்தனைக்கும் நடுவில் வரவேற்பில் இருந்தவர் சொன்னது, “கிராமத்து ஆளுங்க, அவங்களுக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல.” அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆச்சி காலி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “தீந்துட்டுன்னு அன்னைக்கே சொன்னேன்லா?” என்று கேட்டார். அவர் சொன்னது அத்தனையும் தெளிவு. கேட்டவர்தான் இந்த ஊர்ப் பேச்சைத் தெரிந்துகொள்ளவில்லை.

நெல்லைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலையில் சேர்வது, வீடு பார்ப்பது எல்லாம் சிரமமில்லாமல் முடிந்துவிடும். பேச்சுதான் நேரம் எடுக்கும். அதிலும் புதுச் சொற்களைவிட, தெரிந்த சொல்லின் வால்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சென்னையில் ‘தீந்துடுச்சு’, ‘வந்துடுச்சு’ என்போம். இங்கே அது ‘தீந்துட்டு’, ‘வந்துட்டு’. ‘பஸ் போயிட்டு’ என்றால் பஸ் போய்விட்டது, வாக்கியம் அங்கேயே முடிந்தது. நம் காதுக்கு அது ‘போய்விட்டு’ என்று கேட்பதால், மீதி எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நிற்போம். இங்கே பிறந்து வளர்ந்த ஒரு அக்கா என்னோடு வார்டில் வேலை பார்க்கிறார். அவர்தான் இதை எனக்குப் பிரித்துக் காட்டினார். ஆட்களைப் பற்றிப் பேசும்போது குழப்பமே வராது. ‘அவன் வந்துட்டான்’ என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். அஃறிணை வரும்போதுதான் இந்த ‘ட்டு’ வருகிறது. நோயாளி நம்மிடம் பேசுவதெல்லாம் அஃறிணையைப் பற்றித்தானே? காய்ச்சல் விட்டுட்டு, ரத்தம் நின்னுட்டு, வாந்தி வந்துட்டு, தையல் பிரிஞ்சுட்டு. ஒவ்வொன்றும் முடிந்துபோன சங்கதி, குறிப்பேட்டில் உடனே ஏற வேண்டியது.

சிக்கல் என்னவென்றால் ‘வந்துட்டுப் போங்க’ என்று நாம் சொல்கிற பொருளிலும் இங்கே பேசுகிறார்கள். நேரில் முகத்தையும் குரல் இறங்கும் இடத்தையும் வைத்துப் பிடித்துவிடலாம். போனில் பிடிக்க முடியாது. அதனால் ‘ட்டு’ காதில் விழுந்தாலே நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: “இப்பம் கையில மாத்திரை இருக்கா, இல்லையா?” ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேட்டால் எந்த வட்டாரப் பேச்சும் தப்பாகப் போகாது. ஆச்சி விஷயத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி வரவேற்புப் போன் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். முதலில் முனகினார்கள், அப்புறம் ஒட்டிவிட்டார்கள்.

வினையின் நடுப்பகுதியும் இங்கே வேறு. ‘பார்க்கிறேன்’ இங்கே ‘பாக்கேன்’, ‘நிற்கிறேன்’ என்பது ‘நிக்கேன்’. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் ‘இருக்கிறேன்’ என்பதை நாம் எல்லோருமே ‘இருக்கேன்’ என்றுதானே பேசுகிறோம்? நாம் ஒரு சொல்லுக்குச் செய்வதை இவர்கள் அந்த மாதிரிச் சொற்கள் எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள். ‘சொல்கிறேன்’, ‘செய்கிறேன்’ மாதிரியான சொற்கள் ‘சொல்லுதேன்’, ‘செய்யுதேன்’ என்று வரும். இந்த இரண்டும் பிடிபட்ட பிறகு, வேகமாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு இருந்த மலைப்பு பாதி போய்விட்டது.

சொற்களில், உடம்பு சம்பந்தப்பட்டதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். குறுக்கு என்றால் இடுப்புக்குப் பின்பக்கம். மேலு வலிக்குது என்றால் உடம்பு முழுக்க வலி. தடுமம் என்றால் ஜலதோஷம். ‘நாடியில அடி’ என்று சொன்னால் மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள், அது மோவாய். சந்தேகம் வந்தால் “எங்கன வலிக்கி, தொட்டுக் காட்டுங்க” என்று கேட்டுவிடுங்கள். உடனே தொட்டுக்காட்டி “இன்னா” என்பார்கள். சென்னைக்காரருக்கு அது ‘என்ன’ என்ற கேள்வியாகக் கேட்கும். இங்கே அதற்கு ‘இதோ’ என்று பொருள், தூரத்தில் இருந்தால் ‘அன்னா’. நாம் பழக்கதோஷத்தில் “இன்னா?” என்று கேட்டால் நோயாளி நம் கையைப் பார்ப்பார், எதையோ காட்டுகிறோம் என்று.

கூப்பிடுவதில் கவனமாக இருங்கள். வயதான பெண்களை எங்கள் பக்கம் ஆயா என்று அன்பாகக் கூப்பிடுவோம். இங்கே ஆயா என்றால் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர். எழுபது வயது மனுஷிக்கு அது எப்படி இருக்கும்? ஆச்சி என்று சொல்லுங்கள், ஆண்களுக்கு அண்ணாச்சி. இந்த இரண்டையும் மட்டும் தயங்காமல் வாயில் ஏற்றிக்கொள்ளலாம். அவர்கள் உங்களை ‘ஏளா’, ‘ஏட்டி’ என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள். பேத்தியைக் கூப்பிடுகிற மாதிரிதான். ஆனால் அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ஆண்கள் தங்களுக்குள் பேசும் ‘வே’யும் அப்படித்தான். சினிமாவில் கேட்ட ‘ஏலே’யை இங்கே எடுத்துவிட்டால் கிண்டல் செய்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் பேச்சைப் படம் பிடித்துச் சிரித்தவர்கள் அதிகம், அந்தக் கசப்பு அவர்களுக்கு இருக்கிறது. இழுவையையும் ராகத்தையும் காப்பியடிக்காமல், நான் என் சென்னைத் தமிழைக் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

போன வாரம் ஒரு அண்ணாச்சி, “தையல் பிரிச்சு ரெண்டு நாள் ஆயிட்டு, நேத்து சீழ் வந்துட்டு, இன்னைக்கு நின்னுட்டு” என்று மூச்சுவிடாமல் சொன்னார். எதையும் திரும்பக் கேட்காமல் வரிசையாக எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டினேன். “கரெக்ட்டா எழுதியிருக்கிய” என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பேச்சு இன்னும் வேறு. அவர்களில் சிலர் குடிதண்ணீரை வெள்ளம் என்கிறார்கள், மத்தியானத்தை உச்சை என்கிறார்கள். மாத்திரையை உச்சைக்குச் சாப்பிடச் சொன்னால்தான் அவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. அவர்களுக்கென்று நோட்டில் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொன்னால் சேர்த்துக்கொள்வேன், குறிப்பாக வயிற்று உபாதைகளுக்கு அங்கே என்னென்ன சொல்கிறார்கள் என்று.