வியாழக்கிழமை வருகிறேன்: ஒரு விற்பனைப் பிரதிநிதியின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 16, சனி

மாதாந்திர விசிட்டுக்கு டீலரிடம் நாள் கேட்க வேண்டும். போன மாதம் "வியாழன் வரலாமா சார்?" என்று மட்டும் அனுப்பினேன். "வாங்க தம்பி" என்று பதில் வந்தது. போனால் குடோன் பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருக்கும் பையன் டெலிவரிக்குப் போய்விட்டான், கணக்கு பார்க்கிறவர் லீவு. பெயிண்ட் டப்பாக்களை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். முக்கால் நாள் போயிற்று. ஸ்டாக்கையாவது அடுத்த நாள் திரும்பப் போய் எண்ணி முடித்தேன். கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

ஆகவே இந்த முறை மெசேஜ் எழுதும் முன்பே இரண்டு காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று பில்வாரியான பாக்கிப் பட்டியல், இன்னொன்று லெட்ஜர். உண்மையான தொகையை இங்கே எழுதப்போவதில்லை. டீலர் எங்களுக்குத் தர வேண்டிய மொத்தத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கடன் கெடு 45 நாள். வியாழனன்று கெடு தாண்டியிருக்கப்போவது 28 பங்கு. அதில் 24, ஜூன் கடைசி வாரத்தில் போட்ட பில்கள்.

இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. லெட்ஜரின் முடிவு இருப்பு 100. பில்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 106. இப்படி வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பணம் வந்திருக்கிறது, ஆனால் எந்த பில்லுக்கும் எதிராக வைக்கப்படாமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று சும்மா கிடக்கிறது. தேடினேன், கிடைத்தது. ஜூலையில் அவர் அனுப்பிய 6 பங்கு. பில் நம்பர் எழுதாமல் அனுப்பியிருக்கிறார், எங்கள் அக்கவுண்ட்ஸும் கேட்கவில்லை.

அதன் விளைவு சின்னதல்ல. கெடு தாண்டியது 25 பங்கைத் தாண்டினால் எங்கள் சிஸ்டம் அந்த டீலரின் ஆர்டரை நிறுத்திவிடும். 28 என்று காட்டுவதால் அவர் போட்ட 15 பக்கெட் வெள்ளை ஒரு வாரமாக ஹோல்டில் நிற்கிறது. அந்த 6 பங்கை வைத்தால் 22 ஆகிவிடும், ஆர்டர் தானாக விடுபடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் அனுப்பிய மெசேஜை அப்படியே இங்கே வைக்கிறேன்.

"வணக்கம் சார். வர்ற வியாழன் (21) காலை 11 மணிக்கு மாதாந்திர விசிட்டுக்கு வருகிறேன். முதலில் குடோனில் 20 லிட்டர் பக்கெட்டுகளை எண்ணுவோம், ஒரு மணி நேரம் ஆகும். குடோன் தம்பி அந்த நேரம் இருந்தால் போதும். பில் போட்டு கஸ்டமர் இன்னும் எடுக்காத சரக்கு ஏதாவது இருந்தால் அந்த லிஸ்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மதியம் 2 மணிக்குக் கணக்கு பார்ப்பவருடன் பாக்கியைச் சரிபார்ப்போம். எங்கள் கணக்குப்படி பாக்கி பில்களின் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும் பில்களில் மட்டும் ஒரு டிக் போட்டு வைத்தால் போதும். கடைசியில் உங்களுடன் அரை மணி நேரம்: எந்த பில் எந்தத் தேதியில் வரும் என்று பேசி எழுதிக்கொள்வோம். ஜூலையில் நீங்கள் அனுப்பிய தொகை எந்த பில்லுக்கு என்று ஒரு வரி பதில் போட்டால் உங்கள் வெள்ளை ஆர்டரை இன்றே விடுவிக்க முயல்கிறேன். நேரம் ஒத்துவரவில்லை என்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள் சார்."

நீளம்தான். ஆனால் பணம் பேசப்போகிறேன் என்பதை மறைத்துவிட்டு, டீ குடித்து முடித்த பிறகு "அப்புறம் சார்..." என்று இழுப்பது எனக்குப் பிடிக்காது. மூன்று நாள் முன்பே பட்டியல் கையில் இருந்தால் "பார்த்துட்டு சொல்றேன்" என்ற பதிலுக்கு இடமிருக்காது. 'டிக் போடுங்கள்' என்று கேட்டதும் யோசித்துத்தான். முழு லெட்ஜரைச் சரிபார்க்கச் சொன்னால் யாரும் தொடவே மாட்டார்கள்.

பதினைந்தே நிமிடத்தில் பதில் வந்தது. பில் நம்பர்கள் இரண்டு, கூடவே "வாங்க தம்பி. கணக்கு பாக்கறவர் 3 மணிக்குத்தான் வருவார்" என்று. சரி, 3 மணி.

ஆகஸ்ட் 20, புதன்

ஆர்டர் விடுபட்டுவிட்டது. மேனேஜருக்கு வருத்தம். "ஹோல்டு இருந்தாத்தான்யா பணம் வரும், நீயே போய் அவுத்துவிட்டுட்டு வர்றே" என்றார். டீலர் கட்டிய பணத்தை நாங்கள் கணக்கில் வைக்காமல் அவர் சரக்கை நிறுத்தியிருக்கிறோம், அந்தக் கையோடு போய்ப் பணம் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும் என்றேன். "முதல்ல செக், அப்புறம் ஸ்டாக்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

ஸ்டாக்தான் முதலில் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணாமல் உட்கார்ந்தால், "வியாபாரமே இல்லை" என்று டீலர் சொல்லும்போது என் கையில் பதில் இருக்காது.

ஆகஸ்ட் 21, வியாழன்

குடோன் திறந்திருந்தது! தரையில் இருந்த 20 லிட்டர் பக்கெட் 117. போன மாத எண்ணிக்கை 134, நடுவில் நாங்கள் அனுப்பியது 16. 134-உடன் 16 சேர்த்து 117-ஐக் கழித்தால் 33 விற்றிருக்கிறது என்று வரும். அப்போதுதான் குடோன் தம்பி அந்த லிஸ்டை நீட்டினான். 12 பக்கெட் ஒரு கான்ட்ராக்டருக்கு பில் போட்டாகிவிட்டது, அவர் இன்னும் எடுத்துப்போகவில்லை. ஆக உண்மையான ஸ்டாக் 105, விற்பனை 45. அந்த லிஸ்ட் இல்லாமல் கணக்குப் போட்டிருந்தால் மூன்றரை மாதச் சரக்கு கிடக்கிறது என்று எழுதியிருப்பேன். சரியான கணக்கு 70 நாள்.

70 நாள் சரக்கு, 45 நாள் கடன். விற்ற பணத்திலிருந்துதான் அவர் எங்களுக்குக் கட்டுகிறார் என்றால் 25 நாள் இடைவெளியை யாராவது தாங்க வேண்டும். இத்தனை நாளாக அவர் தாமதப்படுத்தியே அதைத் தாங்கியிருக்கிறார்.

எந்த வகை எத்தனை என்று பிரித்தபோதுதான் விஷயம் தெளிவானது. 105-இல் 30 பக்கெட் அடர் நிறங்களுக்கான பேஸ். மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக, தூசியோடு. இதில் வெள்ளை நிறமி மிகக் குறைவு, டின்டிங் மெஷினில் நிறம் சேர்த்தால்தான் பெயிண்ட். வெள்ளை என்று விற்க முடியாது. அடர் நிறம் கேட்கிறவர்களும் ஒரு சுவருக்கோ ஓரப் பட்டைக்கோதான் கேட்பார்கள், 1 லிட்டரும் 4 லிட்டரும் போகும். 20 லிட்டர் பக்கெட் யாருக்கு? ஒரு மாதத்தில் 2 போயிருக்கிறது. அதே குடோனில் மாதம் 18 போகிற வெள்ளை 6-தான் மிச்சம், பத்து நாளுக்கு வரும். கடை ஒரே நேரத்தில் நிரம்பியும் காலியாகவும் இருந்தது.

அந்தப் பேஸ் எப்படி வந்தது? ஜூன் 28-ஆம் தேதி பில், 34 பக்கெட். காலாண்டு டார்கெட் முடிக்க நான்தான் தள்ளினேன். "ஸ்கீம் இருக்கு சார், எடுத்துக்கோங்க." என் குரல் எனக்கே கேட்டது.

3 மணிக்குக் கணக்கு. பட்டியலில் இரண்டே இரண்டு டிக். ஒன்று அந்த 6 பங்கு, அது முடிந்துவிட்டது. இன்னொன்று மே மாதம் திருப்பி அனுப்பிய, மூடி நசுங்கிய டப்பாக்கள், 3 பங்கு. எங்கள் டிப்போவில் இறக்கிக் கையெழுத்துப் போட்ட சலான் கணக்கு பார்ப்பவரிடம் இருந்தது. டிப்போ அதை சிஸ்டத்தில் ஏற்றவே இல்லை, ஏற்றாததால் அந்தத் தொகையைப் பாக்கியில் கழிக்கும் கிரெடிட் நோட்டும் வரவில்லை. சலானைப் படம் எடுத்துக்கொண்டேன். 28 என்று வந்த இடத்தில், இரண்டு புத்தகமும் 19-இல் சந்தித்தன. நாற்பது நிமிடம்.

கடைசியாக முதலாளி. "தம்பி, இந்தப் பேஸ் பக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போங்க, பாக்கியை நான் கட்டிடறேன்" என்றார். 30 பக்கெட்டின் மதிப்பு சுமார் 11 பங்கு. முழுவதையும் எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. டின்ட் செய்யாத, சீல் உடையாத சரக்கை டிப்போ வழியாக இன்னொரு டீலருக்கு மாற்றலாம், அதற்கும் எடுக்க ஆள் வேண்டும். பெரிய கான்ட்ராக்ட் வேலைகளுக்குக் கொடுக்கும் ஒரு டீலரை அங்கிருந்தே கூப்பிட்டேன். 20 எடுப்பதாகச் சொன்னார். அது 7 பங்கு. மீதி 12-இல் 8 பங்கு திங்களன்றும், 4 பங்கு செப்டம்பர் 10-ஆம் தேதியும். எந்தெந்த பில் என்று நம்பரோடு எழுதி அவர் முன்னாலேயே வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் 'ஓகே' போடும் வரை எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெள்ளை 15 பக்கெட் போய்ச் சேர்ந்தது. மே மாதச் சலானை டிப்போவுக்கு அனுப்பினேன். "தேடிப் பார்க்கிறோம்" என்கிறார்கள். மேனேஜருக்கு அறிக்கை எழுதும்போது ஜூன் 28 பற்றிய வரியை இரண்டு முறை அழித்து, மூன்றாவது முறை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று வரவில்லை. இன்று காலை ஒரு போன், மதியம் 8 பங்கு வந்துவிட்டது, பில் நம்பரோடு. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் 20 எடுப்பதாகச் சொன்ன டீலர் 14-தான் எடுத்தார். அவருடைய கான்ட்ராக்டர் அளவைக் குறைத்துவிட்டாராம். 6 பக்கெட், அதாவது 2 பங்கு, அந்தரத்தில் நிற்கிறது. முதலாளி "அது உங்க சரக்கு தம்பி" என்கிறார். மேனேஜர் "அது அவர் பில்" என்கிறார். இருவர் சொல்வதும் சரிதான். செப்டம்பர் வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த விசிட் செப்டம்பர் 18, வியாழன். மெசேஜின் முதல் வரியை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்: "வணக்கம் சார், அந்த 6 பக்கெட்டையும் சேர்த்து எண்ணுவோம்."