நாள் கூலியை 1,500-லிருந்து 4,000 ஆக்கிய கதை

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே ஓசூர் கம்பெனிகளுக்கு, மெஷினில் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்ஸ்சர்களுக்குக் கம்ப்யூட்டரில் கேட் டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். வேலையை விட்டு வந்தபோது நாள் கூலி வைத்த லட்சணம் இதுதான்: சம்பளம் 40,000, அதை 26-ஆல் வகுத்தேன், 1,500-ன்னு சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் கழித்து பில்களை எண்ணிப் பார்த்தால் மொத்தம் 148 நாள்தான் காசு வந்த நாள். 2,22,000 ரூபாய். செலவெல்லாம் போக மாசம் பத்தாயிரம் கூட நிற்கவில்லை.

தப்பு 26-இல்தான். வருஷத்தில் சனி, ஞாயிறு போக 261 நாள் இருக்கிறது. அதில் பண்டிகை 12, சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து என்று 12, காய்ச்சல், முதுகுவலிக்கு 7 கழித்தால் 230. அப்புறம் வேலையே வராத வாரங்கள். ஆயுத பூஜையை ஒட்டியும் மார்ச் கணக்கு முடிக்கும் சமயத்திலும் எனக்கு போன் அடிப்பதே நின்றுவிடும். எட்டு வாரம், அதாவது 40 நாள். கொட்டேஷன் போடுவது, பணத்துக்கு அலைவது, ஓசி திருத்தங்கள் என்று வாரத்துக்கு ஒரு நாள் வீதம் இன்னும் 40. மிச்சம் 150. எண்ணிப் பார்த்த 148-க்கு இது எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு, இந்த நாட்களால் வகுக்கவேண்டிய தொகை. வீட்டுக்கு மாசம் 40,000 வீதம் 4,80,000. கம்ப்யூட்டர் 90,000, மூன்று வருஷம் ஓடும், அதனால் வருஷத்துக்கு 30,000. சாஃப்ட்வேர் சந்தா, நெட், யு.பி.எஸ். பேட்டரி, மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் 80,000. ஆடிட்டர், சில்லறை 10,000. ஆக ஆறு லட்சம். 150-ஆல் வகுத்தால் 4,000.

வரியில்தான் குழம்பினேன். கம்பெனிகள் என் பில்லில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கின்றன, அதையும் கூலியில் ஏற்றலாமா என்று கேட்டதற்கு ஆடிட்டர் சிரித்தார். இந்த வருமானத்துக்குப் புது முறையில் வரி வராது, ரிட்டர்ன் போட்டால் பிடித்தது திரும்பி வரும், அது செலவு இல்லை, தாமதம்தான் என்றார். அதனால் கூலியில் ஏற்றவில்லை. ரீஃபண்ட் வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு தொகையைத் தனியாக வைத்தேன். வருமானம் வரி கட்டும் அளவுக்குப் போனால் அந்த வரியை ஆறு லட்சத்தோடு சேர்த்துத்தான் வகுக்கவேண்டும்.

புது ஆட்களிடம் 4,000 சொல்வதில் சிரமமில்லை. பழைய கம்பெனிக்காரர், "என்னங்க, ஒரேயடியா ஏத்தறீங்க?" என்றார். மாசம் எட்டு நாள் உறுதி, முதல் தேதியிலேயே பில் என்றால் 3,500-க்கு வருகிறேன் என்றேன். சும்மா குறைக்கவில்லை: அந்த உறுதி இருந்தால் வெறும் நாள் 40 பாதியாகி, பில் போடும் நாள் 170 ஆகும், ஆறு லட்சத்தை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட அதுதான் வரும். இரண்டு வாரம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, "சரிங்க, ஆறு நாளா வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். ஆறு என்றால் 3,700 என்றேன், எட்டுக்கே ஒத்துக்கொண்டார்.