நண்பனிடம் காதலைச் சொல்லலாமா: கடைசியில் படிந்த ஒரு ஸ்ப்ரெட்

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி வைத்து டாரோ கார்டுகளை விரிப்பதுதான் ஸ்ப்ரெட். ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த ஒன்று இந்த வாரம் ஒருவழியாகப் படிந்தது. நெருங்கிய நண்பனிடம் மனதில் இருப்பதைச் சொல்லலாமா, சொன்னால் நட்பு போய்விடுமா என்பதுதான் கேள்வி. பெங்களூரு பி.ஜி. வாழ்க்கையில் இதைக் கேட்டு வராத ஆள் இல்லை.

இதற்கென்று சுற்றிவரும் ஸ்ப்ரெட்களில் எல்லாம் "அவன் மனதில் என்ன இருக்கிறது" என்று ஓர் இடம் இருக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. எதிரில் இல்லாதவனின் மனதுக்குக் கார்டு எடுத்தால், எது வந்தாலும் கேட்பவள் தனக்கு வேண்டியதைத்தான் அதில் பார்ப்பாள். அதனால் அந்த இடத்தைத் தூக்கிவிட்டேன்.

அமைப்பை ஃபைவ் ஆஃப் கப்ஸ் கார்டிலிருந்தே எடுத்தேன். 1909-இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தில், கறுப்புப் போர்வைக்காரருக்கு முன்னால் மூன்று கோப்பைகள் கொட்டிக் கிடக்கும், பின்னால் இரண்டு நிற்கும், தூரத்தில் ஆற்றின்மேல் ஒரு பாலம். ஆக மொத்தம் ஆறு இடங்கள். கொட்டிய மூன்று: சொல்லாததால் இப்போதே போய்க்கொண்டிருப்பது, 'இல்லை' என்றால் போவது, 'சரி' என்றாலும் போவது. நிற்கும் இரண்டு: கேட்பவளிடம் மிஞ்சுவது, இருவருக்கும் நடுவில் மிஞ்சுவது. பாலம் தைரியத்துக்கு. மூன்றாவது இடத்தை யாரும் வைப்பதில்லை. ஆனால் சம்மதம் கிடைத்தாலும் பழைய நட்பு அப்படியே இருக்காதே?

அல்சூரில் என் பக்கத்து அறைத் தங்கைக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரையில் ஒரே கல்லூரி, இங்கே ஒரே அலுவலகம், அந்தப் பையன். முதல் இடத்தில் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணைக் கட்டிக்கொண்டு நெஞ்சுக்குக் குறுக்கே வாள் பிடித்திருப்பவள். "இப்பல்லாம் அவன்கிட்ட சரியாவே பேசறதில்லக்கா" என்று அவளே சொல்லிவிட்டாள்.

மண்டையை உடைத்தது இரண்டாவது இடம்தான். இழப்பு என்று வைத்த இடத்தில் த்ரீ ஆஃப் கப்ஸ் வந்து உட்கார்ந்தது. மூன்று பெண்கள் கோப்பையைத் தூக்கி ஆடும் கொண்டாட்டக் கார்டு. "நல்ல கார்டுதானே, அப்போ ஒன்றும் போகாது" என்று சொல்லத்தான் வாய் வரும். கெட்டதாக்க வேண்டும் என்று அதைத் தலைகீழாகப் படிப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இடம் கேட்பது "எது போகும்", கார்டு அதன் பெயரைச் சொல்கிறது, அவ்வளவுதான். இங்கே அது கூட்டம். "சனிக்கிழமை யாரோடு சுத்துவே?" என்றேன். அவள், அவன், இன்னொரு தோழி. 'இல்லை' என்று வந்தால் முதலில் உடைவது அந்த மூவர் செட். அவனை மட்டும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தவள் இதை யோசிக்கவே இல்லை. இழப்பு இடத்தில் த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தால் படிப்பது சுலபம், ஆனால் அதிலிருந்து "வலிக்கும்" என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. நல்ல கார்டு வந்தால்தான் எது போகும் என்று துல்லியமாகத் தெரிகிறது.

மூன்றாவது சிக்ஸ் ஆஃப் கப்ஸ், அந்தக் கள்ளமில்லாத சகஜம். மிஞ்சுவதில் அவளுக்கு எயிட் ஆஃப் பென்டக்கிள்ஸ், அதாவது அவள் வேலை. இருவருக்கும் நடுவில் சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். படகு கரை சேரும், ஆனால் வாள்களும் கூடவே வரும். கொஞ்ச காலம் விலகி இருந்து திரும்பும் நட்பு என்று படித்தேன்.

பாலத்துக்கு ஸ்ட்ரெங்த் வரும் என்று அவள் ஆசைப்பட்டாள். வந்தது செவன் ஆஃப் வாண்ட்ஸ். படத்தில் அவன் கால்களைப் பாருங்கள், ஒரு காலில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி காலணி. முழுசாகத் தயாராகாமல் ஓடிவந்து நிற்கிறவன். நல்ல நேரம் பார்த்து, வசனம் எழுதி மனப்பாடம் செய்து என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் அது தற்காத்துக்கொள்ளும் கார்டும்கூட. அவன் தயங்கினால் "ஏன், என்ன குறை" என்று வாதாட இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. சொல், அப்புறம் வாயை மூடு என்றேன். முறைத்தாள். சொன்னாளா என்று இன்னும் கேட்கவில்லை.

விரிப்புத் துணி சிக்பேட்டையில் எடுத்தது. வெல்வெட் வாங்குங்கள், சாட்டின் வேண்டாம். ஆன்லைனில் வாங்கிய மலிவு டெக்கின் பளபளப்புக்கு சாட்டினில் கார்டு நிற்கவே மாட்டேன் என்கிறது, பாலம் ஆற்றோடு போய்விடுகிறது.

அடுத்து பழைய பிரெஞ்சு பாணியான மார்செய் டெக்கில் போட்டுப் பார்க்கப் போகிறேன். அதில் ஃபைவ் ஆஃப் கப்ஸ் வெறும் ஐந்து கோப்பைகள்தான், கொட்டியதும் இல்லை, பாலமும் இல்லை. அமைப்பை மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் ஐந்தாவது இடத்தின் கேள்வியை மாற்றி எழுத வேண்டும். "இருவருக்கும் நடுவில்" என்றால் மறுபடி அவன் மனதுக்குள் எட்டிப்பார்க்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது.