தாளில் 500 கிராம், கேனில் 80 கிராம்: சோப்புக் கணக்கைச் சரிசெய்த கதை

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆற வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய்க் கேனைக் கவிழ்த்தேன். எனக்குத் தேவை 300 கிராம். கேனை எவ்வளவு உதறியும் விழுந்தது 80 கிராம்தான். ஆனால் என் நோட்டில் இன்னும் 500 கிராம் பாக்கி இருந்தது.

முழு அளவு எண்ணெய்க்குக் கரைத்த லை, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசல் அது. குறைவான எண்ணெயில் ஊற்றினால் லை மிஞ்சி, தோலை எரிக்கும் சோப்புதான் கிடைக்கும். கரைசலைத் தடிமனான பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றி மூடி, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைத்துவிட்டு, நோட்டைப் புரட்ட உட்கார்ந்தேன். கொட்டியிருக்குமோ, அளவில் தவறியிருக்குமோ என்று வெகுநேரம் தேடினேன். கடைசியில் பிழை முதல் வரியிலேயே இருந்தது. வாங்கியது 5 லிட்டர் கேன். அதை நான் 5000 கிராம் என்று எழுதி வைத்திருந்தேன்.

தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் சுமார் 920 கிராம்தான் வரும். ஆக, என் கேனில் இருந்தது 4600 கிராம். பேட்சுக்கு 300 கிராம் வீதம் 15 பேட்ச் போட்டதில் 4500 போய்விட்டது. மிஞ்சிய 100 கிராமில் கொஞ்சம் கேனின் சுவரில் ஒட்டிக்கொண்டது. இருப்புதான் தப்பு என்று நினைத்தேன், விலையும் தப்பு. கேனுக்குக் கொடுத்த பணத்தை 5000-ஆல் வகுத்துத்தான் இத்தனை நாளும் ஒரு கிராம் எண்ணெயின் விலையைப் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எல்லாமே கிராமில்தான். எது வந்தாலும் கேனோடு தராசில் வைத்து எடையை எழுதிவிடுவேன். காலியான பிறகு வெறும் கேனை எடை போட்டுக் கழித்தால் உள்ளே இருந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். காஸ்டிக் சோடாவில் மட்டும் இது எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கணக்கில் இருப்பதைவிடத் தராசு அதிகம் காட்டினால், டப்பா மூடி சரியாக மூடவில்லை என்று பொருள். அந்த எடையில் ஒரு பகுதி தண்ணீர்.

நோட்டை விட்டு ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு வந்தபோது அடுத்த தவறு. ஒவ்வொரு பொருளுக்கும் இதுவரை கொடுத்த மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுத்துச் சராசரி விலை எடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது, புதிய கேன் ஒன்றை அதிக விலைக்கு வாங்கிப் பதிவு செய்யும் வரை. பதிவு செய்ததும், போன மாதமே விற்று முடிந்த சோப்புகளின் அடக்க விலையும் சேர்ந்து ஏறிவிட்டது! பழைய பேட்சுகளும் அதே சராசரியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தன.

சரி, சராசரியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாங்கும் ஒவ்வொரு கேனும் ஒரு லாட். அதற்கு ஒரு எண் கொடுத்து, கேன் மீதும் மார்க்கரால் எழுதிவிடுவேன். Purchases என்ற தாளில் லாட் எண், தேதி, பொருள், கொடுத்த பணம் (அனுப்பும் செலவும் சேர்த்து), கிராம், ஒரு கிராம் விலை என்று ஆறு பத்திகள். Usage என்ற தாளில் பேட்ச் எண், தேதி, பொருள், எந்த லாட், எத்தனை கிராம். அந்த வரியின் செலவை இது எடுத்துத் தரும்:

```
=E2*VLOOKUP(D2,Purchases!$A:$F,6,FALSE)
```

அந்த லாட்டில் மீதி எவ்வளவு என்பதற்கு, Purchases தாளில்:

```
=E2-SUMIFS(Usage!E:E,Usage!D:D,A2)
```

நடுவில் ஒரு கேன் தீர்ந்து அடுத்ததைத் திறந்தால் Usage-இல் இரண்டு வரி போட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் பழைய பேட்ச் விலை இப்போது அசைவதில்லை.

23-ஆம் பேட்சை எடுத்துக்கொள்கிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வெறும் எண்களாகவே தருகிறேன். தேங்காய் எண்ணெய் 300 கிராம், 90. ஆலிவ் எண்ணெய் 600 கிராம், 480. விளக்கெண்ணெய் 100 கிராம், 40. காஸ்டிக் சோடா 141 கிராம், 28. காய்ச்சி வடித்த தண்ணீர் 282 கிராம், 6. நறுமண எண்ணெய் 30 கிராம், 150. மொத்தம் 794. எண்ணெய் எடையில் ஐந்தில் மூன்று பங்கு ஆலிவ் என்பதால் அதன் செலவை நான் எதிர்பார்த்தேன். வெறும் 30 கிராம் வாசனை 150 வாங்கிவிடும் என்று அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

ஊற்றியது 1453 கிராம். பாத்திரத்தில் ஒட்டியது போக 120 கிராம் வீதம் 12 கட்டி வெட்டினேன். முன்பெல்லாம் இங்கேயே 794-ஐ 12-ஆல் வகுத்து, கட்டிக்கு 66 என்று எழுதி முடித்துவிடுவேன். ஆனால் வெட்டிய சோப்பு இன்னும் சரக்கு அல்ல. நாலைந்து வாரம் அலமாரியில் காய வேண்டும். அதுவரை அது மூலப்பொருளிலும் இல்லை, விற்கும் இருப்பிலும் இல்லை. அதனால் பேட்ச் தாளில் 'காய்கிறது' என்று ஒரு நிலை வைத்தேன். அந்தப் பத்தி இல்லாதபோது, இல்லாத சோப்புக்கு ஆர்டர் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து எடை போட்டால் கட்டிக்கு 106 கிராம் நின்றது. லேபிளில் 100 என்று போடுகிறேன். இன்னும் கொஞ்சம் வற்றினாலும் தாங்கும். ஓரக் கட்டி ஒன்று நொறுங்கியிருந்தது. இன்னொன்றை, நாள்பட எப்படி இருக்கிறது என்று பார்க்க மாதிரியாக எடுத்து வைத்தேன். விற்க மிஞ்சியது 10. இப்போது வகுத்தால் 79.40. உறையும் லேபிளும் கட்டிக்கு 6. அதை இந்தப் பத்துக்கு மட்டும் சேர்த்தால் 85.40. பழைய 66-ஐ நம்பித்தான் மொத்த விற்பனை விலை பேசியிருந்தேன். என் கூலி இதில் இன்னும் வரவில்லை. அதற்குத் தனிப் பத்தி, ஏனென்றால் இரண்டு பேட்சை ஒரே நாளில் போட்டால் அது மட்டும் பாதியாகக் குறையும்.

லாட் எண்ணின் இன்னொரு பயன் அப்புறம்தான் தெரிந்தது. 19-ஆம் பேட்சின் மாதிரிக் கட்டியில் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள், முகர்ந்தால் சிக்கு வாடை. எண்ணெய் கெட்டதன் அடையாளம். அந்தப் பேட்சில் சூரியகாந்தி எண்ணெயும் சேர்த்திருந்தேன். Usage தாளில் அதன் லாட்டை வடிகட்டிப் பார்த்தபோது 19, 21 என்று இரண்டே பேட்சுகள் வந்தன. 21-ஐத் திறந்தால் இரண்டு கட்டிகளில் புள்ளி ஆரம்பித்திருந்தது. இரண்டிலும் விற்காமல் இருந்த 14 கட்டிகளை ஒதுக்கினேன். வாங்கியவர்களுக்குச் சொல்லி மாற்றுக் கட்டி அனுப்பினேன். மற்ற பேட்சுகளைத் தொடவேண்டியிருக்கவில்லை. கேனில் மிஞ்சிய எண்ணெயைக் கொட்டிவிட்டு, Usage-இல் பேட்ச் எண்ணுக்குப் பதில் 'கழிவு' என்று போட்டு 640 கிராம் எழுதினேன். லாட்டின் மீதி பூஜ்யம் ஆனது.