அரை அலகில் போன இடம், அரை அலகில் வந்த இடம்

முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. முதுநிலைப் புள்ளியியல் நுழைவுத் தேர்வில் இந்த முறை எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சென்ற ஆண்டு இரண்டு மதிப்பெண்ணில் போனது. அந்த இரண்டும் எந்த வினாவில் போயின என்று எனக்குத் தெரியும். அதனால் பாடத்திட்டம் முழுவதையும் பற்றி எழுதாமல் ஒரே ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது ஈருறுப்புப் பரவலை இயல்நிலைப் பரவலால் தோராயப்படுத்துவதும், அதில் எல்லையை அரை அலகு நகர்த்தும் தொடர்ச்சித் திருத்தமும்.

சென்ற ஆண்டு வினா இதுதான். சீரான நாணயம் ஒன்று 100 முறை சுண்டப்படுகிறது. 60 அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன? விடையை எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அடியில் Φ(1.9) = 0.971, Φ(2) = 0.977, Φ(2.1) = 0.982 என்று, இயல்நிலை வளைகோட்டின் கீழ் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள பரப்பாக, மூன்று மதிப்புகள் தரப்பட்டிருந்தன. சராசரி 50, திட்ட விலக்கம் 5. (60 − 50)/5 = 2. முழு எண்ணாக வந்ததும் எனக்கு மகிழ்ச்சி. மற்ற இரண்டு மதிப்புகளும் குழப்புவதற்காகத் தரப்பட்டவை என்று முடிவு கட்டி, 0.023 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன். விடைக்குறிப்பில் ஏற்கப்பட்ட வீச்சு 0.027 முதல் 0.030 வரை. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தொடர்ச்சித் திருத்தம் என்ற பெயர் எனக்கு அப்போதே தெரியும். வகுப்பில் ஐந்து வரிப் பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார்கள்: ≥ என்றால் 0.5 கழி, > என்றால் 0.5 கூட்டு, இப்படி. தேர்வு அறையில் எது கூட்டல், எது கழித்தல் என்று ஐயம் வந்தது. n = 100 பெரிய எண்தானே, திருத்தம் தேவைப்படாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டியலை மறந்தது ஒரு பிழை. n பெரியது என்று விட்டது அதைவிடப் பெரிய பிழை.

என் பிழையை எனக்குக் காட்டியது விடுதியில் அடுத்த அறையில் இருந்த அக்கா. "பட்டியலைத் தூக்கிப் போடு. 59, 60, 61 மூன்றுக்கும் பட்டை வரை" என்றார். வரைந்தேன். ஒவ்வொரு பட்டையின் அகலமும் 1, உயரம் அந்த எண்ணின் நிகழ்தகவு. 60இன் பட்டை 59.5இல் தொடங்கி 60.5இல் முடிகிறது. "நீ 60இல் இருந்து பரப்பை எடுத்தாய். அந்தப் பட்டையைப் பாதியாக வெட்டிவிட்டாய், பார்" என்றார். 60 தலை சரியாக விழும் நிகழ்தகவு 0.0108. அதில் பாதி, அதாவது 0.0054, என் விடையில் விடுபட்டிருந்தது. ≥ 60 என்றால் 60இன் பட்டை முழுவதும் வேண்டும், எனவே 59.5இல் தொடங்க வேண்டும். (59.5 − 50)/5 = 1.9, விடை 0.0287. ஈருறுப்புப் பரவலிலேயே நேரடியாகக் கூட்டினால் கிடைப்பது 0.0284.

இன்னொன்றையும் அன்றே கவனித்தேன். திருத்தம் இல்லாமல் செய்தால் "60 அல்லது அதற்கு மேல்" என்பதற்கும் "60க்கு மேல்" என்பதற்கும் ஒரே விடைதான் வரும்: 0.0228. உண்மையில் முதலாவது 0.0284, இரண்டாவது 0.0176. இயல்நிலை வளைகோட்டுக்கு ஒரு புள்ளியில் பரப்பே இல்லை என்பதால் அதற்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே ≥ குறியை > ஆக மாற்றினாலும் விடை மாறாவிட்டால் திருத்தத்தை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். நான் இன்றும் இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

அடுத்து, திருத்தம் எப்போது தேவை என்ற கேள்வி. n எவ்வளவு என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். வெட்டுப்பட்ட அரைப் பட்டையின் பரப்பு ஏறத்தாழ இவ்வளவு:

```
φ(z) / (2σ)
```

இங்கே φ(z) என்பது அந்த இடத்தில் இயல்நிலை வளைகோட்டின் உயரம். σ என்பது திட்ட விலக்கம், √(npq); p என்பது ஒரு முயற்சியில் வெற்றிக்கான நிகழ்தகவு, q = 1 − p. φ(z) மிக அதிகமாகப் போனால் நடுவில் 0.4. ஆகவே பிழை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஏறத்தாழ 0.2/σ. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். σ = 5 என்றால் 0.04 வரை பிழை வரலாம். இரண்டு தசம இடம் கேட்டாலே விடை தவறிவிடும். 45 முதல் 55 வரை தலை விழும் நிகழ்தகவைப் பாருங்கள். திருத்தம் இல்லாமல் 0.683, திருத்தத்தோடு 0.729, உண்மை 0.729. இங்கே இரண்டு முனையிலும் அரைப் பட்டை போவதால் இழப்பும் இரட்டிப்பாகிறது.

இதையே 10,000 முறை சுண்டினால் σ = 50. 5,100 அல்லது அதற்கு மேல் தலை என்றால் திருத்தம் இல்லாமல் 0.0228, திருத்தத்தோடு 0.0233. இரண்டு தசமத்துக்கு இரண்டுமே 0.02தான், நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். மூன்று தசமம் கேட்டால் 0.023 என்று இரண்டும் ஒன்றாகவே முடிகின்றன. கேட்கப்படும் தசம இடத்தையும் 0.2/σ-ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு ஐந்து விநாடி போதும்.

இனி வருவது என்னைப் பல வாரங்கள் அலைக்கழித்த இடம். திருத்தம் செய்தால் விடை எப்போதும் மேம்படும் என்று நினைத்திருந்தேன். அது உண்மையில்லை.

n = 100, p = 0.05 எடுத்துக்கொள்ளுங்கள். np = 5, ஆகவே "np-யும் nq-வும் 5-க்குக் குறையக் கூடாது" என்ற விதியில் இது தேறிவிடும். σ = √4.75, அதாவது 2.18. இப்போது ஒன்று அல்லது அதற்குக் குறைவாக வரும் நிகழ்தகவு: திருத்தத்தோடு 0.054, திருத்தம் இல்லாமல் 0.033, உண்மை 0.037. திருத்தம் செய்ததால் விடை மேலும் விலகிப் போகிறது. மறுமுனையில் 10 அல்லது அதற்கு மேல்: திருத்தம் இல்லாமல் 0.011, திருத்தத்தோடு 0.019, உண்மை 0.028. இங்கே திருத்தம் உதவுகிறது, ஆனால் போதவில்லை.

காரணம் பரவலின் கோட்டம். p சிறியதாக இருக்கும்போது பட்டைகள் வலப்பக்கம் நீண்டு, இடப்பக்கம் 0-வில் திடீரென நின்றுவிடுகின்றன. இயல்நிலை வளைகோடோ இரு பக்கமும் ஒரே மாதிரி. ஆகவே இடப்பக்க வால் உண்மையில் இயல்நிலை காட்டுவதைவிட மெலிவு, வலப்பக்க வால் தடிப்பு. இடப்பக்கத்தில் அரைப் பட்டையை விட்ட பிழையும் கோட்டத்தால் வரும் பிழையும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. அரைப் பட்டையை மட்டும் சரிசெய்தால் கோட்டத்தின் பிழை தனியாக நிற்கிறது. வலப்பக்கத்தில் இரண்டும் ஒரே திசை. p = 1/2-க்கு அருகில் இந்தத் தொல்லை இல்லை; நாணய வினாக்களில் திருத்தம் அவ்வளவு துல்லியமாக வேலை செய்வது அதனால்தான்.

p இப்படி ஓரத்தில் இருந்து வாலைக் கேட்டால் பாய்சான் பரவலுக்குப் போய்விடுங்கள். மேலே உள்ள கணக்கில் சராசரி 5 கொண்ட பாய்சான் 0.040, 0.032 என்று தருகிறது. உண்மை மதிப்புகள் 0.037, 0.028. இரண்டு முனையிலும், திருத்திய இயல்நிலையைவிட இது நெருக்கம். ஆனால் வினாவிலேயே "இயல்நிலைத் தோராயத்தைப் பயன்படுத்தி" என்று இருந்தால் அதன்படியே செய்யுங்கள், திருத்தத்தோடு. விடைக்குறிப்பு அதைத்தான் எதிர்பார்க்கும்.

இந்த ஆண்டு எனக்கு வந்த வினாவில் இந்தப் பகுதி வேறு உருவத்தில் இருந்தது. பூ விழுந்தால் 1 ரூபாய் நட்டம், தலை விழுந்தால் 1 ரூபாய் லாபம். 100 ஆட்டங்களுக்குப் பின் 10 ரூபாயோ அதற்கு மேலோ லாபம் இருக்கும் நிகழ்தகவு என்ன?

லாபத்தின் சராசரி 0, திட்ட விலக்கம் 10. பழக்க தோஷத்தில் 9.5 என்று எழுதினால் z = 0.95, விடை 0.171. கை அப்படித்தான் போனது. பிறகு பட்டையை வரைந்தேன். 100 ஆட்டங்களுக்குப் பின் லாபம் 8, 10, 12 என்று இரட்டைப்படையில் மட்டுமே இருக்க முடியும். 9 ரூபாய் என்ற நிலையே கிடையாது. பட்டையின் அகலம் 2, ஆகவே 10இன் பட்டை 9இல் தொடங்குகிறது. திருத்தம் அரை அலகு அன்று, ஒரு முழு அலகு. z = 0.9, விடை 0.184. தலைகளின் எண்ணிக்கையாக மாற்றிச் சரிபார்த்தேன்: 55 அல்லது அதற்கு மேல் தலை, (54.5 − 50)/5 = 0.9. அதே விடை. எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

என் முறை என் சுபாவத்துக்கு ஏற்றது. நான் மனப்பாடத்தில் பலவீனம், படத்தில் பலம். பட்டியல் நினைவில் நிற்பவர்கள் பட்டியலையே வைத்துக்கொள்ளலாம். தேர்வு அறையில் நான் செய்த வரிசையைக் கீழே தருகிறேன்.

1. "குறைந்தது", "மிகாமல்", "மேல்", "குறைவாக" ஆகிய சொற்களின் கீழ்க் கோடு போட்டு, கடைசியாகச் சேரும் முழு எண்ணை எழுதுவேன். "60க்கு மேல்" என்றால் 61.
2. அந்த எண்ணுக்கும் அதன் பக்கத்து எண்களுக்கும் மூன்று பட்டைகள். வேண்டாத பக்கத்து எண்ணுக்கும் இதற்கும் நடுப்புள்ளிதான் எல்லை.
3. விகிதமாகக் கேட்டிருந்தால் பட்டையின் அகலம் 1/n, திருத்தம் 1/(2n). 100 பேரில் 0.60 என்றால் 0.595. இதில் 0.5-ஐ அப்படியே கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.
4. "சரியாக 50" என்று கேட்டால் 49.5 முதல் 50.5 வரை. விடை 0.0797, உண்மை 0.0796. திருத்தம் இல்லாமல் இதற்கு விடையே கிடையாது.
5. தரப்பட்ட Φ மதிப்புகளைக் கடைசியில் ஒப்பிடுவேன். 1.9, 2, 2.1 என்று மூன்றும் இருந்தால் வினா அமைத்தவர் திருத்தத்தைத்தான் சோதிக்கிறார். 2 மட்டும் இருந்தால் திருத்தத்தை எதிர்பார்க்கவில்லை.

ஐந்தாவது வரி மட்டும் சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்திருந்தால் இப்போது முதலாண்டை முடித்திருப்பேன். பட்டை வரைந்த அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 60இன் பட்டையில் பாதியை மட்டும் அக்கா சிவப்பு மையால் நிரப்பியிருக்கிறார்.